ஈரக் கரண்டி

அண்ணன் உடற்பயிற்சிக் கூடத்தில் பயிற்சியாளர். அங்கே வருகிறவர்களுக்கு நான் அரைக்கும் நிலக்கடலை வெண்ணெயைப் பாட்டில் பாட்டிலாக விற்கிறான். நான் வேதியியல் படித்ததால் எனக்கு விஞ்ஞானி என்று பட்டம். சமையலறைதான் என் ஆய்வகம் என்பது அவனுடைய நிரந்தர நகைச்சுவை.

உண்மையான ஆய்வகம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்திருந்தது. வேறு ஊரில் தண்ணீர்ப் பரிசோதனை வேலை. ஞாயிற்றுக்கிழமை கிளம்பினால்தான் திங்கட்கிழமை சேர முடியும். தவறினால் அடுத்தவருக்குப் போய்விடும்.

"தாராளமா போ. உங்க அண்ணி கைக்கு அந்த வழவழப்பு வந்ததும் போ" என்றான் அண்ணன்.

சொல்லிக் கொடுத்தேன். கடலையைச் சிறு தீயில் கைவிடாமல் கிளற வேண்டும். தோல் தானாகக் கழன்று, பருப்பு வெளிர் பொன்னிறமாகும்போது இறக்கித் தட்டில் கொட்டிவிட வேண்டும், வாணலியிலேயே விட்டால் அந்தச் சூட்டில் கருகும். தோலைத் தேய்த்து ஊதிவிட்டு, இளஞ்சூடாக அரைக்க வேண்டும். முதலில் பொடியாகும். பிறகு உருண்டையாகி ஓரத்தில் அப்பிக்கொள்ளும். பயப்படாமல் மிக்ஸியை ஆறவிட்டு, வழித்துவிட்டு, மறுபடி ஓட்டினால் பருப்பே எண்ணெய் விட்டு இளகும். அப்படியும் இளகாவிட்டால் ஒரு கரண்டி கடலை எண்ணெய். உப்பு, காய்ந்த தூள் உப்பாகவே இருக்கட்டும். எண்ணெயில் உப்பு கரையாது, கல்லுப்பு நறநறக்கும்.

"தண்ணி மட்டும் ஆகாது அண்ணி. ஒரு சொட்டு கூட."

"புரியுதும்மா" என்றாள் அண்ணி.

ஆனால் அவள் அரைத்தது இரண்டு முறையும் களிமண்ணாக இறுகியது. எதை அரைத்தாலும் இறுகினால் தண்ணீர் விடுவது எல்லோருக்கும் உள்ள கைப்பழக்கம். அதுதான் என்று நினைத்தேன்.

மூன்றாம் முறை கதவருகே நின்றிருந்தேன். உருண்டை இளகத் தொடங்கியிருந்தது. அண்ணி குழாயைத் திறந்து கரண்டியை நனைத்தாள். உதறவில்லை. அப்படியே ஜாருக்குள் விட்டுக் கிளறினாள்.

திரும்பியபோது என்னைப் பார்த்துவிட்டாள்.

"வேணும்னே பண்றீங்களா?"

"பின்ன? எனக்கு இது வந்துட்டா நீ போயிடுவ. அப்புறம் காலம் பூரா இந்த மிக்ஸி என் தலையில. ஏற்கெனவே இந்த வீட்ல என் தலையில இடம் இல்ல."

நான் குழாயை மூடினேன்.

அண்ணன் வந்து ஜாரைத் தட்டிப் பார்த்தான். "மறுபடியுமா? ஏன் விஞ்ஞானி, என்ன கோளாறு?"

அண்ணி கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஜார் ஈரமா இருந்திருக்கு. நான்தான் துடைக்கல" என்றேன்.

சனிக்கிழமை நானே வறுத்தேன். பொன்னிறம் வந்தது. இறக்கவில்லை. பழுப்பாகி, புகை எழும்பியது. கசப்பை யாரும் வாங்க மாட்டார்கள், வியாபாரமே நின்றுவிடும் என்று கணக்குப் போட்டேன். அண்ணி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளும் தீயைக் குறைக்கவில்லை.

அரைத்து வைத்ததை அண்ணன் விரலால் தொட்டு நக்கினான். முகம் கோணியது. மறுபடி நக்கினான்.

"காபி மாதிரி ஒரு வாசனை வருதே! இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. ரெண்டு வகை போடலாம். இன்னொரு மிக்ஸி வாங்கிடறேன். நீ கறுப்பு, உங்க அண்ணி வெளுப்பு."

அவன் யாருக்கோ போன் செய்ய மாடிக்குப் போனான். அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வரும் வரை சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு பேரும் மாட்டிக்க வேணாம்" என்றாள் பிறகு. "காலையில எத்தனை மணிக்கு பஸ்?"

ஞாயிறு காலை நான் பையைத் தூக்கியபோது அவள் கடலையைத் தட்டில் ஆறவிட்டிருந்தாள். வெளிர் பொன்னிறம். கழுவிய பாட்டில்கள் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

"மேல எண்ணெய் மிதந்தா கொட்டிடாதீங்க அண்ணி. கொட்டினா அடியில கல்லாயிடும். கிளறிட்டு ஃபிரிட்ஜ்ல..."

"தெரியும்டி. முதல் நாளே தெரியும்."

அண்ணனிடம் அவளே சொன்னாள்: "ரெண்டு வகையும் நானே அரைக்கிறேன். அவ கிளம்பட்டும்."

படியிறங்கும்போது மிக்ஸி ஓடும் சத்தம் கேட்டது. அரிசியைக் கொட்டினாற்போல முதலில் படபடப்பு. பிறகு தொண்டையில் அடைத்த மாதிரி ஒரு முனகல். நின்றது. வழிக்கும் சத்தம். நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழாய் திறக்கும் சத்தம் வரவில்லை.

மறுபடி ஓடியது. முனகல் இளகி, மெல்லிய ஒரே ரீங்காரமாக மாறியது.

நான் திரும்பிப் பார்க்காமல் இறங்கினேன்.