உறங்கிக் கிடப்பாய்

அது ஒன்பதாவது ஆண்டு விழாவா பத்தாவதா என்பது இப்போது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சொல்லும்போது ஒன்றிரண்டு கூடியோ குறைந்தோ போகலாம். ஆனால் காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்குப் பள்ளிக்கூடத்தின் நாற்பது பெஞ்சுகளும் ஒரே நேரத்தில் துளிர்விட்டதில் சந்தேகமில்லை. பெஞ்சுகளைச் செய்த தச்சர் முன்வரிசையில்தான் இருந்தார்.

அந்தத் தச்சரின் மனைவிதான் பள்ளியின் தமிழாசிரியை. எந்நேரமும் விரலை மடக்கி நேர், நிரை என்று செய்யுளுக்கு அசை எண்ணுவதால் பிள்ளைகள் வைத்த பெயர் விரலம்மா. வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆண்டு விழாவில் நாற்பது பாட்டு எழுதி வாசித்தாள். பதினோராவது பாட்டில் கணவர் குறட்டை விட்டார். கூட்டம் சிரித்தது. வீட்டுக்கு வந்ததும், "மரத்தோட பழகிப் பழகி மரமாவே போயிட்டீங்க" என்றாள். அன்று வாயை மூடியவர்தான். மூன்று வயது மகள் பேசப் பழகியதே இருவருக்கும் நடுவில் தூது போய்த்தான். "அம்மா, அப்பா உப்பு கம்மின்னு பார்க்கறாரு" என்பாள். ஒன்பது வருடம் அப்படியே ஓடியது. தலைமையாசிரியரும் விரலம்மாவை மேடைப்பக்கம் விடவில்லை.

அந்த வருடம் சிறப்பு விருந்தினராக வரவிருந்த ஆலை முதலாளி பழைய முறையில் வாழ்த்துப்பா வேண்டும் என்று கேட்டுவிட்டதால், வேறு வழியின்றி அவளைக் கூப்பிட்டார்கள். ஒரே பாட்டு, இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடம் கணவர் விழித்திருந்தால் போதும் என்று அவள் நினைத்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. விடியலில் அரண்மனை வாசலில் நின்று அரசனைத் துயிலெழுப்பும் பாட்டு வகையைத் தேர்ந்தெடுத்தாள். வெண்பா: மூன்று அடிக்கு நான்கு சீர், கடைசி அடிக்கு மூன்றே சீர். மாச்சீருக்குப் பின் நிரை வர வேண்டும், விளத்துக்கும் காய்க்கும் பின் நேர். முதல் சொல் மங்கலமாக இருக்க வேண்டும் என்பதால் 'இருள்' என்று தொடங்கியதை அடித்துவிட்டுப் 'பொழுது' என்று போட்டாள். மூன்றாம் அடியின் தலையில் முதலாளியின் பெயர். அதற்கு எதுகையாகத்தான் நான்காம் அடியே எழுந்து நின்றது. மூன்று வாரம் பிடித்தது.

விழா அன்று காலை ஒன்பதரைக்கு முதலாளிக்குக் காய்ச்சல் என்று செய்தி வந்தது. பக்கத்துத் தெருப் பல் டாக்டரைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார்கள்.

"பேரை மட்டும் மாத்திருங்கம்மா, அவ்வளவுதானே?" என்றார் தலைமையாசிரியர்.

"சார், அடிக்கல்லை உருவிட்டு வேற கல்லைச் சொருகச் சொல்றீங்க. இவரு பேரு அந்த இடத்துல உக்காராது. அடுத்த வரியும் சேர்ந்து விழுந்துரும்."

"அப்ப பேரே வேணாம். பத்து மணிக்கு மணி அடிச்சிருவேன்."

பெயர் இல்லாமல் இப்படிப்பட்ட பாட்டை யாரும் எழுதுவதில்லை. யாரை எழுப்புகிறோம் என்று சொல்லியாக வேண்டும். ஆனால் நேரமில்லை. மேடைக்குப் பின்னால் விரலை மடக்கி மடக்கிக் கடைசி இரண்டு அடியையும் புதிதாகக் கட்டி, பாடக் காத்திருந்த மகளிடம் நீட்டினாள். மகள் விடியல் ராகமான பூபாளத்தில் எடுத்தாள்:

பொழுது புலர்ந்தது பூவெல்லாம் பூத்த
விழுதில் பறவை விரிக்கும் சிறகு
உறங்கிக் கிடப்பாய் ஒளிவந்து வாயில்
திறந்தது தேர்ந்தே எழு.

வழக்கப்படி கடைசி அடியை இரண்டாம் முறை பாடி, 'எழு' என்று குரலை நிறுத்தியபோது, பெயர் சொல்லி அழைக்காத அந்த அழைப்பைக் கேட்டவை எல்லாம் தம்மைத்தான் என்று எடுத்துக்கொண்டன. ஆறு வருடமாக நின்றிருந்த சுவர்க்கடிகாரம் ஓடத் தொடங்கியது. ஆய்வகத்துப் புட்டிக்குள் ஊறிய தவளை மூடியைத் தட்டியது. காவலாளி எழுந்து கேட்டைத் திறந்தார். பெஞ்சுகளில் துளிர் வந்து, இலையாகி, உட்கார்ந்திருந்தவர்களின் முழங்காலைக் கூச வைத்தது. தச்சர் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார், தூசி பறந்தது.

"இந்தா, இன்னொரு தடவை பாடச் சொல்லு," என்று நேராக மனைவியைப் பார்த்துச் சொன்னார். "நான் தூங்கலை. அப்புறம், வீட்டுல உப்பு கம்மியாத்தான் இருக்கு."

"ஒன்பது வருசமா வாயில என்ன, ஆப்பு அடிச்சு வச்சிருந்தீங்களா?" என்றாள் விரலம்மா. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கூட்டம் சிரித்தது, இந்தமுறை அவளும் சிரித்தாள்.

பல் டாக்டர் இலை நிழலில் நின்று நான்கு நிமிடம் பேசிவிட்டு நோயாளிகளைப் பார்க்கப் போனார். ஆலை முதலாளிக்குக் காய்ச்சல் சரியாயிற்று. தவளையைக் குளத்தில் விட்டார்கள். பெஞ்சுகளுக்கு வெள்ளிக்கிழமைதோறும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று தலைமையாசிரியர் சுற்றறிக்கை அனுப்பினார். வருடத்துக்கு ஒருமுறை தச்சர் வந்து கிளை கழிப்பார், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே. தூது வேலை பறிபோன மகள் வளர்ந்ததும் தந்தி அலுவலகத்தில் சேர்ந்தாள். விரலம்மா பணி ஓய்வு பெறும்வரை விழாவுக்கு வெண்பா எழுதினாள், ஒவ்வொன்றிலும் மறக்காமல் ஒரு பெயரை வைத்து.