முழுக் கட்டுப்பாடு

வாத்தியாரை வெளியே தள்ளுவது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை. இணையப் பக்கத்தின் அமைப்புகளுக்குள் போய் அவர் பெயரைத் தொட்டான். 'அனுமதியை நீக்கவா?' என்று கேட்டது. கடவுச்சொல் கேட்டது. கொடுத்தான். அவ்வளவுதான். பக்கத்தின் முகப்பில் கரும்பலகை முன்னால் வாத்தியார் சிரித்தபடி நின்றார். படத்தில் இருந்தார், உள்ளே இல்லை.

இவன் கேமராக்காரன். வாத்தியார் இவனுடைய அக்கா வீட்டுக்காரர். கணக்கு என்றால் காத தூரம் ஓடும் பிள்ளைகளுக்காக இருவரும் சேர்ந்து தொடங்கிய பக்கம் அது. அவர் பாடம் நடத்துவார். இவன் வீடியோ எடுப்பான், வெட்டுவான், ஒட்டுவான், ஏற்றுவான், கீழே வந்து விழும் கேள்விகளுக்கு அவர் பெயரில் பதிலும் போடுவான். தேர்வு நெருங்கினால் பக்கத்தில் ஈ மொய்ப்பது போலக் கூட்டம் மொய்க்கும்.

அன்று காலை ஒரு பெரிய டியூஷன் கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். பக்கத்தைத் தங்களோடு சேர்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"என் பக்கம்தானே? தாராளமா குடுத்துடலாம்" என்றார் வாத்தியார். பிறகு இவனைக் கைகாட்டி, "இவன் நம்ம மச்சான். வீடியோவெல்லாம் பாத்துக்குற பையன்."

வந்தவர்கள் பையனைப் பார்த்துத் தலையாட்டினார்கள். பையனுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

மதியம் அழைப்பு வந்தது.

"மாப்ள, என் போன்ல பக்கம் திறக்க மாட்டேங்குது. ஏதாச்சும் கோளாறா?"

"கோளாறு இல்ல மாமா. நான்தான் எடுத்தேன்."

"எதை?"

"உங்களை."

வாத்தியாரின் குரல் உயர்ந்தது.

"ஏன்டா, அதுல இருக்கறது என் மூஞ்சிடா!"

"மூஞ்சி உங்களுது. அதுக்கு வெளிச்சம் போட்டது யாரு?"

"வெளிச்சத்தையா பாக்க வர்றாங்க? பாடம் கேக்க வர்றாங்க."

"அப்ப தெருவுல நின்னு நடத்துங்க மாமா. எத்தனை பேர் வர்றாங்கன்னு பாப்போம்."

சொன்ன பிறகுதான் வாய் நீண்டுவிட்டது தெரிந்தது. அதற்குள் அவர் வைத்துவிட்டார்.

மறுநாள் வக்கீலம்மாவைப் பார்க்கப் போனான். ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் அறை. கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேசை லேசாக நடுங்கியது. கூட்டுத் தொழில் உடைந்தவர்களும், உடையப் போகிறவர்களும் வரும் இடம். பக்கம் திறந்த அன்று தளத்திலிருந்து தன் மின்னஞ்சலுக்கு வந்த கடிதத்தை அச்செடுத்துக் கொண்டுபோயிருந்தான். துருப்புச் சீட்டு என்று நினைப்பு.

வக்கீலம்மா அதை ஒரு முறை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார்.

"இது சாவி யார்கிட்ட இருக்குன்னு சொல்லும். வீடு யாரோடதுன்னு சொல்லாது."

"திறந்தது நான்தானேம்மா?"

"கடையோட ஷட்டரைக் காலைல யார் தூக்கினாலும் கடை அவங்களுதாயிடுமா?" கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முதல்ல ஒண்ணு புரிஞ்சுக்கோ. அந்த இடமே தளத்தோடது. உங்களுக்கு அதுல கடை விரிக்க அனுமதி, அவ்வளவுதான். சண்டைன்னு போய் நின்னா, பெரும்பாலும் 'உங்களுக்குள்ள பேசித் தீத்துக்கங்க, இல்லன்னா கோர்ட் உத்தரவு கொண்டாங்க'ம்பாங்க."

"கோர்ட் எதைப் பார்க்கும்?"

"எழுத்துல ஒப்பந்தம் இருக்கா?"

"அக்கா வீட்டுக்காரரோட யாராச்சும் ஒப்பந்தம் போடுவாங்களாம்மா?"

"போடாதவங்கதான் இங்க வர்றாங்க."

அவன் சிரிக்க முயன்றான். வரவில்லை.

"ஒப்பந்தம் இல்லன்னா, எதுக்காகத் திறந்ததுன்னு பாப்பாங்க. பேரு யாரோடது, வருமானம் எந்தக் கணக்குக்குப் போகுது, விளம்பரத்துக்கு யார் செலவு பண்றது, வெளியில இருக்கறவன் யாரை முதலாளின்னு நினைக்கறான், இதெல்லாம். நீ என்ன உன் கல்யாண போட்டோ போடவா திறந்த?"

"தொழிலுக்குத்தான்."

"அப்ப அது தொழிலோட சொத்துன்னுதான் பேச்சு போகும். தொழில் யார் பேர்ல?"

அங்கேதான் சிக்கல்.

பக்கத்தில் விளம்பர வருமானம் வரத் தொடங்கியபோது, அந்தப் பணத்தை வாங்க ஒரு கம்பெனி தேவைப்பட்டது. அப்போது இவன் ஒரு ஸ்டூடியோவில் சம்பளத்துக்கு இருந்தான். வெளியே வேறு தொழில் செய்யக் கூடாது என்பது அங்கே நிபந்தனை. அதனால் வாத்தியாரும் அக்காவும் பங்குதாரர்கள் என்று பதிந்தார்கள். "உன் பேருக்குப் பதிலா என் பேரு, அவ்ளோதானேடா" என்று அக்கா, அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்து, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டாள். பத்திரத்தை அவள் படித்ததாக அவனுக்கு ஞாபகம் இல்லை. ஸ்டூடியோ வேலையை விட்ட பிறகும் பெயரை மாற்றும் நினைப்பே யாருக்கும் வரவில்லை.

எல்லாவற்றையும் சொன்னான். பத்திரத்தின் படம் கைபேசியில் இருந்தது. அதையும் காட்டினான்.

"பக்கத்தைக் கம்பெனியோட பிசினஸ் கணக்குக்குள்ள கொண்டுபோனது யாரு?"

"நான்தான். தளத்துல கம்பெனிக் காகிதம் கேட்டாங்க. நானே ஏத்தி, சரிபார்ப்பு டிக் வாங்கினேன்."

"இப்ப திற. உரிமையாளர்ங்கற இடத்துல என்ன இருக்கு?"

திறந்தான். உரிமையாளர் என்ற இடத்தில் கம்பெனியின் பெயர். அதற்குக் கீழே, அணுகல் உள்ள நபர்கள் என்ற இடத்தில் தன் பெயர். தினமும் நுழைகிற அறை. அந்த வரியை அவன் இதுவரை வாசித்ததில்லை.

"மகராசா" என்றார் வக்கீலம்மா. "உன் கையாலயே எழுதிக் குடுத்துட்டு என்கிட்ட வந்திருக்க."

"வீடியோ எல்லாம் நான் எடுத்ததும்மா."

"அதுக்கு வாதாடலாம். ஆனா அது வீடியோவோட உரிமை, பக்கத்தோடது இல்ல. இப்ப நிலைமை இதுதான். கைல சாவி உன்னோடது. காகிதத்துல நீ வேலையாள் மாதிரி. பத்திரப்படி ரெண்டு பங்குதாரரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டாத்தான் கம்பெனி பேசினதா அர்த்தம். அப்படிச் சேர்ந்து பதிவுக் காகிதத்தோட தளத்துக்கு எழுதினா, உன்னை எடுக்கச் சொல்லிக் கேக்கலாம். உடனே கேட்டுடுவாங்கன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க ரெண்டு பேர் கை ஓங்கும்."

"அக்கா போடலன்னா?"

"அவர் மட்டும் கேட்டா அது கம்பெனியோட குரல் இல்ல. உன் கதையும் அங்கதான் நிக்குது. அக்கா பங்கு உண்மையில உன்னோடதுன்னு நிரூபிக்கணும்னா பழைய மெசேஜ், பணம் போன வழி எல்லாம் வேணும். எல்லாத்தையும் விட உங்க அக்கா வந்து சொல்லணும். புருஷனை எதிர்ல உட்கார வெச்சுக்கிட்டு." எழுந்தார். "அதுவரைக்கும் எதையும் அழிக்காத. பேரை மாத்தாத. அவரை நீக்கினியே, அதுவே உனக்கு எதிரா நிக்கும். உங்க அக்கா எப்படி?"

எப்படி என்றால் என்ன சொல்வது? பிறந்ததிலிருந்து அக்கா. யோசித்துப் பார்த்ததில்லை.

அன்றே அக்கா அவளாகவே வந்தாள். ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. உணவு இடைவேளையில் அதே வெள்ளை மேலங்கியோடு எடிட்டிங் அறைக்குள் நுழைந்து, வயர்களைத் தாண்டி, வாத்தியார் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"தளத்துக்குக் காகிதம் அடிச்சு வெச்சிருக்காரு. கையெழுத்து கேக்கறாரு."

"போட்டியா?"

"போட்டிருந்தா இங்க எதுக்கு வர்றேன்?"

அவனுக்கு மூச்சு வந்தது. "எனக்குத் தெரியும்க்கா. வக்கீலும் சொன்னாங்க. உன் பேர்ல இருக்கறது என் பங்குன்னு நீ ஒரு வார்த்தை—"

"நீயும் ஆரம்பிச்சிட்டியா?" அவள் குரல் உயரவில்லை. "அவரு ஒரு கையப் புடிச்சு இழுக்கறாரு, நீ ஒரு கைய. நான் என்ன தேர் வடமா?"

"அக்கா, அவர் என்னைப் பையன்னு சொன்னாரு. எல்லார் முன்னாடியும்."

"சொன்னாரு. தப்புதான். வீட்டுல கேட்டுட்டேன், நல்லா கேட்டுட்டேன். டியூஷன் கம்பெனிக்குக் குடுக்கப் போறேன்னு அவர் என்கிட்ட சொல்லல. அவரைத் தூக்கப் போறேன்னு நீ சொல்லல. பத்திரத்துல பேரு யாரோடதுடா?"

அவன் கீழே கிடந்த ஒரு வயரை எடுத்துச் சுருட்டினான்.

"வருஷா வருஷம் வரிக் காகிதத்துல கையெழுத்து வாங்கறப்ப மட்டும் பங்குதாரர். நோட்டீஸ் வந்தா என் பேருக்குத்தான் வரும்னு ஆடிட்டர் சொன்னாரு. அப்ப பயந்தது நான். நீங்க ரெண்டு பேரும் பக்கத்து ரூம்ல ஏதோ பின்னம்னு வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தீங்க."

"நான் அதை யோசிக்கலக்கா."

"ஒருத்தரும் யோசிக்கல." கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "அவரை உள்ள விடு. அரைகுறையா இல்ல, முன்ன இருந்த மாதிரி. அப்பறம் மூணு பேரும் உன் வக்கீல்கிட்ட போவோம். உன் பேரையும் போட்டுப் பத்திரம் எழுதுவோம்."

"அவர் ஒத்துக்கலன்னா?"

"நான் அவர் காகிதத்துல கையெழுத்துப் போட மாட்டேன்."

"நான் உள்ள விடலன்னா?"

"போட்டுடுவேன்."

அவள் அதை ஊசி குத்துகிறவள் சொல்வது போலச் சொன்னாள். கொஞ்சம் வலிக்கும், கையை ஆட்டாதே.

"முழுக் கட்டுப்பாடு குடுத்தா அவர் என்னைத் தூக்கிடலாம்க்கா."

"தூக்கலாம்." சற்று யோசித்தாள். "என்னையும் போடு."

"உனக்கு எதுக்குக்கா? நீ பாடமா நடத்தப் போற, வீடியோவா வெட்டப் போற?"

அக்கா அவனைப் பார்த்தாள். நேற்றுக் காலை வாத்தியார் கைகாட்டியபோது தன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று அவனுக்குத் தெரிந்தது. அவள் மின்னஞ்சலைக் கேட்டு அடித்தான். வாத்தியாருடையதையும் அடித்தான். இருவருக்கும் முழுக் கட்டுப்பாடு. அழைப்பு போனது.

அவள் தன் கைபேசியில் ஏற்றுக்கொள்வதற்குள் வாத்தியாரின் போன் வந்துவிட்டது.

"மாப்ள, ஏதோ வந்திருக்கு."

"ஏத்துக்கங்க மாமா."

"ஏத்துக்கிட்டேன். இதுல உங்க அக்கா பேரு எதுக்கு?"

"அவங்க பங்குதாரர் மாமா."

"அது காகிதத்துக்குத்தானேடா?"

அக்கா கை நீட்டினாள். அவன் கைபேசியைக் கொடுக்கவில்லை. "அக்கா இங்கதான் இருக்காங்க. சாயங்காலம் வீட்டுல கேட்டுக்கங்க" என்றான். அவர் ஏதோ சொல்ல வந்து, "சரி" என்று மட்டும் சொன்னார். அது எந்தச் சரி என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அக்காவும் ஏற்றுக்கொண்டாள். திரையில் மூன்று பெயர்கள். புதிதாகச் சேர்ந்த இரண்டுக்கும் எதிரே ஒரு குறிப்பு இருந்தது: மற்றவர்களை நீக்க இவர்கள் சில நாட்கள் காத்திருக்க வேண்டும். அவன் பெயருக்கு எதிரே எதுவும் இல்லை. அக்காவும் அதை வாசித்தாள்.

"அப்ப அதுவரைக்கும் நீ நினைச்சா எங்க ரெண்டு பேரையும் தள்ளலாம்."

"தள்ளலாம்க்கா."

"அது முடிஞ்சா அவரு உன்னை."

"ஆமா."

அவள் எழுந்து மேலங்கியின் சுருக்கத்தைத் தட்டிவிட்டாள். "கதவைச் சாத்திக்கோ, ஏசி வெளிய போகுது" என்று சொல்லிவிட்டு வயர்களைத் தாண்டிப் படியிறங்கினாள்.

அவன் வக்கீலம்மாவின் எண்ணைத் தேடி அழைத்தான். மூன்று பேர் வருகிறோம் என்று சொன்னான். என்றைக்கு என்று கேட்டார். அதற்கு வாத்தியாரைக் கேட்க வேண்டும்.