அந்தோணிமுத்து பெயரில் ஒரு மணி

ரோவல் ரோட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த சவரிராஜ், ஒரு ஆணியைக்கூடக் கடன் சொல்லி வாங்கியவரல்லர். தன்னை யாரும் சவரிராஜ் என்று சொல்வதைவிட, அந்தோணிமுத்துவின் மகன் என்று சொல்வதில்தான் அவருக்குப் பெருமை. அப்படிப்பட்டவரிடம் போய்ப் பணம் கேட்க வேண்டிய வேலை, 1957 கடைசியில், அப்துல் கஃபாரின் தலையில் விழுந்தது.

கஃபார் வாயு கம்பெனியின் ஆள். பட்டறைகளில் இருக்கும் ஆக்சிஜன் சிலிண்டர்களை வருடத்துக்கு ஒரு தடவை வந்து எண்ணிப் பார்ப்பார். வாடிக்கைக்காரர் காசு கொடுப்பது உள்ளே இருக்கும் வாயுவுக்குத்தான். இரும்புக் கூடு என்றைக்கும் கம்பெனியுடையது. ஒவ்வொன்றின் தோளிலும் கம்பெனி பெயரும் ஓர் எண்ணும் கொத்தியிருக்கும். நிரம்பியது வரும்போது அந்த எண் வாடிக்கைக்காரர் பெயரில் ஏறும்; காலியாகத் திரும்பிப் போகும்போது இறங்கும்.

கஃபார் குனிந்து குனிந்து எண்களைப் படித்து, சாக்கட்டியால் கோடு போட்டுக்கொண்டே வந்தார்.

"எல்லாம் சரியா இருக்குண்ணே. ஒண்ணும் குறையல."

"என் பட்டறையில குறையுமா பாய்?"

"குறையாதுதான். ஆனா ஒரு சேதி. வர்ற மாசத்துலேருந்து டெபாசிட்டைக் கூட்டிட்டாங்க. வித்தியாசத்த நீங்க கட்டணும்லா."

சவரிராஜ் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என் அப்பா கட்டின டெபாசிட்டே உங்க கம்பெனியில தூங்குது. அதை எழுப்பிக் கழிச்சுக்கச் சொல்லுங்க."

உள்ளே போய்த் தகரப்பெட்டியைத் திறந்து, பழுத்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்தார். யுத்தத்துக்கு முந்தின ரசீது. ஒரு சிலிண்டருக்கு அந்தோணிமுத்து கட்டிய முன்பணமும், அந்தச் சிலிண்டரின் எண்ணும் அதில் இருந்தன.

கஃபார் அதை இரண்டு கையாலும் வாங்கினார். "யா அல்லா! ஜப்பான்காரன் வந்தப்ப எங்க புஸ்தகமெல்லாம் எரிஞ்சு போச்சு. இந்தக் கணக்கு எங்ககிட்டயே இல்லண்ணே."

"உங்ககிட்ட இல்லாட்டி என்ன? எங்ககிட்ட இருக்கு."

"ரசீது சுத்தம். இந்தக் காசு உங்களுக்குச் சேர வேண்டியதுதான்." கஃபார் காகிதத்தை மடித்தபடி சாதாரணமாகக் கேட்டார். "சிலிண்டர் எங்கண்ணே? அதைக் கொடுத்தாத்தானே காசைத் திருப்புவாங்க."

"அது செம்பவாங்ல, கப்பல் பட்டறை பக்கத்துல, எங்க கோயில்ல தொங்குது. மணியா."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே உறைத்தது.

அந்த மணியின் கதை ஊரறிந்தது. குண்டு விழத் தொடங்கிய நாட்களில் அந்தோணிமுத்து அந்தச் சிலிண்டரை எண்ணெய்ச் சாக்கில் சுற்றி, பட்டறைக்குப் பின்னால் குழி வெட்டிப் புதைத்தார். ஜப்பான்காரன் இரும்பென்று கண்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு போனான். இது மட்டும் அவன் கையில் சிக்கவில்லை. சண்டை முடிவதற்குள் அந்தோணிமுத்து கண்ணை மூடிவிட்டார். மகன் அதைத் தோண்டி எடுத்து, உள்ளே இருந்ததைத் தீர்த்து, வெற்றுக் கூட்டை மூலையில் நிறுத்தி வைத்தார். கம்பெனி மறுபடி திறந்தபோது தன் பெயரில் புதுக் கணக்கு ஆரம்பித்தார். பழையதை யாரும் கேட்கவில்லை. அப்பா காசு கட்டியது, அப்பா காத்தது, ஆகவே அப்பாவின் சொத்து என்றே நினைத்தார். கப்பல் பட்டறைக்காரர்கள் சேர்ந்து கட்டிய சின்னக் கோயிலுக்கு மணி வாங்க வசதியில்லை என்று கேள்விப்பட்டதும், அடியை அறுத்து, 'அந்தோணிமுத்து நினைவாக' என்று வெல்டிங்கிலேயே எழுத்து வார்த்து, கழுத்து மேலே இருக்கும்படி தொங்கவிட்டார். இரும்புத் தடியால் தட்டினால் கப்பல் பட்டறை வாசல்வரைக்கும் கேட்கும்.

"அறுத்துட்டீங்களா?" கஃபார் தலையைச் சொறிந்தார். "அறுத்ததைக் கம்பெனி திரும்ப எடுக்காதே. இனி அதுல வாயு அடைக்க முடியாது."

"அப்பா டெபாசிட் கட்டியிருக்காருல்ல? அதை வச்சுக்கட்டும்."

"டெபாசிட் விலை இல்லண்ணே. பொருளு திரும்பி வரும்ங்கிறதுக்கு ஈடு, அவ்வளவுதான். சிலிண்டர் விலை அதைவிட எவ்வளவோ மேல." சவரிராஜின் முகம் போன போக்கைப் பார்த்து அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு செய்யலாம். யுத்தத்துல தொலைஞ்சு போச்சுன்னு எழுதிடுறேன். எத்தனையோ பேருக்கு அப்படி எழுதித் தள்ளுபடி பண்ணியாச்சு. இந்த ரசீதைப் பெட்டியிலயே வச்சுடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"யோசிச்சுச் சொல்றேன் பாய்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சவரிராஜ் தன் அக்கா உர்சுலா வீட்டுக்குப் போனார். அவள் கணவருக்குக் கப்பல் பட்டறையில் வேலை. கோயிலுக்கு அடுத்த குடியிருப்பில்தான் வீடு. நடந்ததைச் சொல்லிவிட்டு, "தொலைஞ்சதுன்னு எழுதிக்கிட்டா மணியும் இருக்கும், அப்பா பேரும் இருக்கும்" என்றார்.

உர்சுலா காப்பியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். "அப்பா அதை எதுக்குடா புதைச்சாரு?"

"ஜப்பான்காரன் எடுத்துடுவான்னு."

"அம்மா நகை இருந்துச்சு. பட்டறைச் சாமான் அவ்வளவும் இருந்துச்சு. அதையெல்லாம் விட்டுட்டு இதை ஒண்ணை ஏன் புதைச்சாரு?"

உர்சுலா டம்ளரைத் தம்பி முன்னால் வைத்தாள்.

"நீ அப்ப மலாக்காவுல இருந்தே. குழிக்கு விளக்குப் பிடிச்சவ நான். நானும் உன்னை மாதிரிதான் கேட்டேன். 'நம்ம சாமான் போனா நம்மளோட போச்சு. இது அடுத்தவன் பொருளு, திரும்பக் கேட்டு வருவான், நான் என்ன பதில் சொல்ல?'ன்னாரு. நீ மணி செஞ்சப்ப, கம்பெனியில சொல்லித் தீர்த்துட்டேன்னு நினைச்சேன். நீதான் கணக்குல புலியாச்சே!"

சவரிராஜ் காப்பியைக் குடிக்காமலே எழுந்தார். கோயில் வாசலில் மணிக்கு அடியில் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே கம்பெனி பெயர். கீழே அப்பா பெயர். இத்தனை வருடம் நிமிர்ந்து பார்த்து மகிழ்ந்த எழுத்து, இன்றைக்குக் கண்ணைக் குத்தியது. பத்திரமாகக் காத்தவர் பெயருக்கு எதிரே 'தொலைத்தார்' என்று எழுதச் சம்மதிப்பதா?

மறுநாள் ரசீதோடு கம்பெனிக்கே போனார்.

"தொலையல பாய். என் அப்பா கடைசிவரைக்கும் காத்து வச்சிருந்தாரு. அறுத்தவன் நான். அப்படியே எழுதுங்க. டெபாசிட்டைக் கழிச்சுட்டு மிச்ச விலையைச் சொல்லுங்க."

"வீம்புக்குக் கட்டுறீங்களேண்ணே!"

"வீம்புதான். எழுதுங்க."

பணம் கட்டியானது. அந்த எண் அந்தோணிமுத்துவின் பெயரில் ஏறி, வாடிக்கைக்காரர் விலை கொடுத்து எடுத்துக்கொண்டார் என்ற குறிப்போடு இறங்கியது. இன்னும் ஒரு வேலை மிச்சமிருந்தது. கம்பெனி பெயரோடு ஒரு கூடு வெளியே இருக்கக் கூடாது. கொத்திய பெயரையும் எண்ணையும் கம்பெனி ஆளே வந்து அழிக்க வேண்டும்.

புதன்கிழமைப் பின்னேரம் கஃபார் ஏணியில் ஏறி, மணியின் தோளில் உளியை வைத்து ஓங்கி ஒரு அடி அடித்தார்.

கணீரென்று செம்பவாங் முழுக்கக் கேட்டது.

இரண்டாவது அடிக்குக் குடியிருப்பிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். நாலாவது அடிக்கு வேலை விட்டு வந்துகொண்டிருந்த கப்பல் பட்டறைக்காரர்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். சாமியார் பாதிச் சவரத்தோடு வெளியே வந்தார்.

"யாருப்பா செத்துப்போனது?" என்றாள் ஒரு கிழவி, சிலுவைக்குறி போட்டுக்கொண்டே.

ஏணியின் உச்சியில் கஃபார் திருதிருவென்று விழித்தார். "நான் என்னத்தச் சொல்றதுண்ணே?"

"நீங்க அடிங்க பாய். நான் சொல்றேன்."

சவரிராஜ் சட்டைப் பித்தானை மேல்வரைக்கும் போட்டுக்கொண்டார். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"யாரும் சாகல. நாலு வருசத்துக்கு முன்னால இந்த மணியை நான் கோயிலுக்குக் கொடுத்தேன். அப்ப அது என்னுதும் இல்ல, எங்க அப்பாவுதும் இல்ல. கம்பெனியோடது. எங்க அப்பா அவங்களுக்காகக் காத்து வச்சிருந்ததை நான் எடுத்துக் கொடுத்துட்டேன். இப்பத்தான் விலையைக் கட்டிருக்கேன். அவங்க பேரை அழிச்சு முடிச்சதும் மறுபடி கொடுக்கிறேன். சாமி, வாங்கிக்குவீங்களா?"

சாமியார் முகத்துச் சோப்பைத் துண்டால் துடைத்தார். "முதல்ல அவரு அடிச்சு முடிக்கட்டும் சவரிராஜ். காது அடைக்குது."

சிரிப்பு எழுந்தது. உர்சுலா தம்பியின் பக்கத்தில் வந்து நின்றாள். மேலே, கம்பெனி எண்ணின் கடைசி இலக்கத்தையும் கஃபார் நிதானமாகக் கொத்தி அழித்துக்கொண்டிருந்தார்.