சிஸ்டம் அத்தானும் மெமரி கார்டும்

அக்கா புருஷனைப் பற்றி டீச்சருக்கு இருந்த அபிப்பிராயத்தை ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம்: அலட்டல். மனுஷன் ஒரு பல்பு மாற்றினாலும் அதற்கு முன்னால் மின்சாரத்தின் வரலாற்றைச் சொல்லாமல் ஸ்டூலில் ஏற மாட்டார். எதைப் பற்றிப் பேசினாலும் நடுவில் "சிஸ்டம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று ஒரு தடவையாவது வந்துவிடும். அதனால் குடும்பம் மொத்தமும் அவரை முதுகுக்குப் பின்னால் சிஸ்டம் என்றுதான் சொல்லும். டீச்சர் மட்டும் கொஞ்சம் மரியாதை சேர்த்து சிஸ்டம் அத்தான் என்பாள்.

டீச்சர் பள்ளிக்கூட டீச்சர் இல்லை. மருந்துக் கடைக்கு மேலே மாடியில் ஒரு நீள ஹால் வாடகைக்கு எடுத்து, பாட்டுப் போட்டு உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். வருகிறவர்கள் எல்லாம் நடு வயதைத் தாண்டிய பெண்கள். ஒருத்திக்கு முட்டி வலி, இன்னொருத்திக்கு இடுப்பு, பேங்க்காரம்மாவுக்கு இரண்டும். இவர்களை வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை மேடை ஏறப் போகிறாள். பெரிய ஆஸ்பத்திரி நடத்தும் விழாவில், டாக்டர்கள் முன்னால். அந்த ஆட்டம் எடுபட்டால் ஆஸ்பத்திரியிலேயே வாரா வாரம் வகுப்பு நடத்தச் சொல்லிக் கேட்பதாகப் பேச்சு.

அதற்கான பாட்டு சாதாரணப் பாட்டு இல்லை. யாரோ ஒரு இசைக்காரர் தன் இணையதளத்தில் காசுக்குப் போட்டிருந்த வாத்திய இசையை வாங்கி, போனில் இறக்கி, அதை டீச்சரே துண்டு துண்டாக வெட்டி ஒட்டியிருந்தாள். பேங்க்காரம்மா திரும்புகிற இடத்தில் தாளம் தள்ளிப்போகும். எல்லோரும் மூச்சு வாங்குகிற இடத்தில் தம்புரா மட்டும் ஓடும். யார் முட்டி எப்போது மக்கர் பண்ணும் என்று பார்த்துப் பார்த்து அரை வருஷம் உட்கார்ந்து செய்த வேலை. இதற்கு நடுவில் அந்த இசைக்காரர் கடையை மூடிவிட்டார். இணையதளமும் இல்லை, பதில் போட ஆளும் இல்லை. வாங்கிய ஒரிஜினலும் வெட்டிய பாட்டும் டீச்சரின் போனில் இருந்த மெமரி கார்டில் மட்டும்தான் இருந்தன.

அந்தக் கார்டிலும் சிஸ்டம் அத்தான் கை வைத்திருந்தார். போன வருஷம் அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், "போன்ல இடமே இல்லக்கா" என்று டீச்சர் வாய் தவறிச் சொல்லிவிட்டாள். உடனே கை நீண்டது.

"குடும்மா இங்க. கார்டை இத்தனை நாளா சும்மா பெட்டி மாதிரி வச்சிருக்கே. இதையே போனோட சொந்த இடமா மாத்திடறேன் பாரு."

போன் ஏதோ கேட்டது. கார்டைக் கழற்றிக்கொண்டு போகிற மாதிரி வைக்கவா, இல்லை இந்தப் போனுக்கே சொந்தமாக்கவா என்று. அவர் இரண்டாவதை அழுத்தினார். கார்டை அழித்து, புதிதாக்கி, போனில் இருந்த பாட்டு படம் எல்லாவற்றையும் அதற்குள் தள்ளினார். சோறு ஆறிப்போனது. கடைசியில் பெருமையாகத் தலையை நிமிர்த்தினார்.

"இனிமே போன் வேற கார்டு வேற இல்லம்மா. ரெண்டும் ஒண்ணு. சிஸ்டம்னு ஒண்ணு இருக்குல்ல, அது இப்போ அப்படித்தான் பாக்கும்."

ரெண்டும் ஒண்ணாம். அன்றிலிருந்து போன் ஆமை வேகத்தில் போனது. ஒரு பாட்டைத் தொட்டால் அது யோசித்து, பெருமூச்சு விட்டு, அப்புறம்தான் பாடும். ஒவ்வொரு முறையும் டீச்சர் மனசுக்குள் அவரைத் திட்டினாள். சில நாள் வாய்விட்டே திட்டினாள்.

கடைசியில் பொறுக்க முடியாமல் புதுப் போன் ஆர்டர் செய்தாள். கார்டு போட இடம் இருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினாள். அக்கா வாயில் எதுவும் நிற்காது. அன்று சாயங்காலமே சிஸ்டம் அத்தானிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. அவர் எழுதுவதில்லை, பேசித்தான் அனுப்புவார். நீளத்தைப் பார்த்தாலே கொட்டாவி வரும்.

டீச்சர் போட்டுக் கேட்டாள். தொண்டையைச் செருமும் சத்தம். "ம்ம். வணக்கம்மா. புதுப் போன் வாங்கறதாக் கேள்விப்பட்டேன். சந்தோஷம். முதல்ல ஒரு அடிப்படை விஷயம். நாம டேட்டா டேட்டான்னு சொல்றோமே, டேட்டான்னா என்ன..."

"ஆரம்பிச்சிட்டாரு" என்று அதை அத்தோடு நிறுத்தினாள். போன் மாற்றத் தெரியாதா எனக்கு? ஊரில் சின்னக் குழந்தைகள் மாற்றுகிறார்கள். இவருக்கு ஒரு சாக்கு கிடைத்தால் போதும், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.

மறுநாள் காலை வகுப்புக்கு முன்னால் டெலிவரிக்காரர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். புதுப் போனைக் கொடுத்துவிட்டுப் பழையதை எடுத்துப் போவார். பழைய போனிலிருந்து கணக்கை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்து வைத்திருக்க வேண்டும் என்பது விதி. டீச்சர் ஹாலில் உட்கார்ந்து தானே எல்லாம் பார்த்துக்கொண்டாள். போன் நம்பர்கள் கணக்கில் ஏறியிருந்தன. படங்களும் ஏறியிருந்தன. மாதாமாதம் பணம் கட்டிக் கேட்கிற ஆப்பில் இறக்கிய பாட்டுகளைப் பற்றி அவளுக்குக் கவலையே இல்லை. அவை அந்த ஆப்புக்குள்தான் பாடும், தூக்கிக்கொண்டு போக முடியாது. புதுப் போனில் உள்ளே நுழைந்து திரும்ப இறக்கினால் ஆச்சு. இவ்வளவும் தெரிந்தவளுக்கு ஒரு அத்தான் வந்து பாடம் எடுக்க வேண்டுமாம்.

மேடைப் பாட்டு? அதுதான் கார்டில் இருக்கிறதே. இங்கே பிடுங்கு, அங்கே சொருகு.

ஊசியைக் குத்தி கார்டை வெளியே எடுத்தாள். கார்டு போய்விட்டது, திரும்பப் போடுங்கள் என்று பழைய போன் திரையில் கெஞ்சியது. "சரிதான் போ" என்றாள் அதனிடம். சிஸ்டம் அத்தான் கைபட்ட போன் வேறு எப்படி இருக்கும். கீழே ஹாரன் சத்தம் கேட்டது. ரீசெட்டை அழுத்தினாள்.

டெலிவரிக்காரர் மாடி ஏறி வந்து, பழைய போன் திரையில் வரவேற்புப் பக்கம் வருகிறதா, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தார். பைக்குள் போட்டுக்கொண்டு புதுப் பெட்டியைக் கொடுத்துவிட்டு இறங்கினார். பெண்கள் ஒவ்வொருவராக வந்து பாயை விரிக்க ஆரம்பித்தார்கள். டீச்சர் புதுப் போனில் சிம்மையும் தன் கணக்கையும் போட்டு, கார்டைச் சொருகினாள்.

இந்தக் கார்டை அப்படியே பயன்படுத்த முடியாது, ஃபார்மட் செய்ய வேண்டும் என்றது போன்.

எடுத்துத் துடைத்துத் திரும்பப் போட்டாள். அதே பேச்சு. ஃபார்மட் என்றால் துடைத்து எறிவது என்பது அவளுக்குத் தெரியும், அதனால் வேண்டாம் என்று அழுத்தினாள். 'ரெண்டும் ஒண்ணு' என்று ஒரு குரல் காதுக்குள் கேட்டது. அந்தக் குரல் யாருடையது என்று தெரிந்தபோது எரிச்சலாக இருந்தது.

வாய்ஸ் மெசேஜ் புதுப் போனிலும் இறங்கியிருந்தது. அதைப் போட்டுக் காதில் வைத்துக்கொண்டு, "வந்துடறேன்" என்று பேங்க்காரம்மாவிடம் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் படியில் ஓடினாள். பழைய போன் வேண்டும். அதில் திரும்பச் சொருகினால் சரியாகிவிடும்.

காதில் அத்தான் டேட்டாவுக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். டீச்சர் தெருவைத் தாண்டினாள். அவர் தன் ஆபீசில் ஒரு கம்ப்யூட்டரைக் காப்பாற்றிய கதைக்குப் போனார். டீச்சர் ஜெராக்ஸ் கடை தாண்டி ஓடினாள். அவர் நடுவில் நிறுத்தி, அக்காவிடம் காபி கேட்டார். முக்குத் திரும்பினால் அடுத்த வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டெலிவரிக்காரர் விலாசம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, ஒரு நிமிஷம்! அந்தப் போனைக் குடுங்க. வேண்டாம், நான் குடுக்கல."

"என்ன மேடம் இது" என்று அவர் சலித்துக்கொண்டே பையைத் துழாவினார்.

காதில் குரல் தொடர்ந்தது. "...ஆக விஷயம் என்னன்னா, உன் கார்டை நான் அன்னிக்கு அந்தப் போனுக்கே சொந்தமா பூட்டிட்டேன். வேற போன்ல போட்டாப் படிக்காது. சாவி அந்தப் போனுக்குள்ள இருக்கு. அதனால கார்டு உள்ளே இருக்கும்போதே பாட்டையெல்லாம் முதல்ல ஒரு கம்ப்யூட்டர்ல காப்பி எடுத்துக்கோ. புதுப் போன்ல போட்டு, ஒவ்வொண்ணும் பாடுதான்னு கேட்டுப் பாத்துட்டு, அப்புறமா பழசை அழி. முன்னாடி ரீசெட் மட்டும் பண்ணிடாதம்மா. பண்ணினா சாவியும் போயிடும். அப்புறம் அதே போன்ல போட்டாலும் தொறக்காது. சரி, வெச்சிடறேன்."

டெலிவரிக்காரர் போனை வெளியே எடுத்து நீட்டினார். திரையில் வரவேற்புப் பக்கம் பளிச்சென்று இருந்தது.

"இந்தாங்க. வேணுமா, வேணாமா?"

"வேணாம்" என்றாள் டீச்சர்.

அவர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். அந்தப் பார்வையை அவள் நன்றாக அறிவாள். இத்தனை வருஷமாக அக்கா வீட்டு மேஜையில் அவள் அத்தானைப் பார்த்துவந்த பார்வை அது.

அங்கேயே நின்று அத்தானுக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். நீளமாக ஏதாவது வரும் என்று காத்திருந்தாள். வந்தால் திட்டலாம், கத்தலாம், உங்களால்தான் என்று சொல்லலாம்.

"இனி ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். "அன்னிக்கு உன்னைக் கேக்காம நான் அப்படி மாத்தியிருக்கக் கூடாது. தப்பு என்னோடதுதான். ஆமா, நேத்து மெசேஜ் அனுப்பினேனே, கேட்டியா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "முழுசாக் கேக்கல அத்தான்."

"யாரும் கேக்கறதில்லம்மா" என்றார் அவர். குறையாகச் சொல்லவில்லை, நேரம் என்ன என்று கேட்டால் சொல்வது போலத்தான் சொன்னார்.

டீச்சர் திரும்பி வந்து படியேறினாள். பெண்கள் எல்லோரும் அவரவர் இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். பேங்க்காரம்மா முட்டியில் பட்டையைக் கட்டிவிட்டு, "பாட்டைப் போடுங்க டீச்சர், ஞாயித்துக்கிழமை வந்துடுச்சு" என்றாள்.

"இன்னிக்குப் பாட்டு இல்லாம பாக்கலாம். நான் கை தட்டறேன்."

தட்டினாள். ஆட்டம் ஆரம்பித்தது. நாலாவது திருப்பத்தில் பெண்கள் எல்லோரும் ஒன்றுபோல நின்று, கையைத் தொங்கவிட்டு, மூச்சை இழுத்தார்கள். இல்லாத தம்புரா அவர்களுக்குக் கேட்டிருக்க வேண்டும். டீச்சர் மட்டும் அந்த இடத்தை மறந்து கை தட்டிக்கொண்டே போனாள்.