அக்காவுக்காக அடுக்கிய ஃபைல்

“காசு செலவு பண்ணிக் கழுதைச் சாணி அள்ளப் போற ஆளை இப்பத்தான் பாக்குறேன்” என்றான் தம்பி, போனில்.

“சாணி மாட்டுக்கு. கழுதைக்கு லத்தி.”

“வியாக்கியானத்துக்கு மட்டும் குறைச்சல் இல்ல. ஏன்க்கா, ரிட்டயர் ஆனா மனுஷங்க காலை நீட்டிப் படுப்பாங்க.”

“நீட்டினேன். நாலு மாசம். கால் மரத்துப்போச்சு.”

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. முப்பத்தோரு வருஷம் ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் நின்றவள். அங்கே அவளுக்குப் பேர் மாத்திரை. கல்யாணம் ஆகவில்லை. அம்மா இருந்தவரை வீட்டில் ஒரு குரல் இருந்தது. அம்மா போன பிறகு குக்கர்தான் சத்தம் போட்டது.

வெளிநாட்டில், வயசான கழுதைகளை வைத்துப் பார்த்துக்கொள்ளும் காப்பகம். தன்னார்வ வேலைக்கு ஆள் வேண்டும் என்று ஓர் ஏஜென்சி போட்டிருந்த விளம்பரத்தில் ஒரு படம். நீள மேஜையில் ஆறு பேர் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், ஒருத்தி வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். கழுதைகளின் படம் அதற்குக் கீழேதான் இருந்தது. அவள் மேலே இருந்த படத்தைப் பார்த்துத்தான் பேர் கொடுத்தாள். தம்பியிடம் அதைச் சொல்லவில்லை.

ஏஜென்சி ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் கிடைத்தவள்தான் அக்கா. வேறு ஊர். பேங்க் வேலையில் இருந்து ஓய்வு, கணவர் இல்லை, ஒரே மகள். மாத்திரையைவிட நாலு வயசு மூத்தவள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு அக்காவின் போன் வரும். நேரில் ஒரு தடவைகூடப் பார்த்துக்கொண்டதில்லை.

“ரூம்ல ரெண்டு கட்டிலாம். ஜன்னல் பக்கம் எனக்கு. இப்பவே சொல்லிட்டேன்.”

“எடுத்துக்கோங்க. குறட்டை விடுவீங்களா?”

“எனக்கெப்படித் தெரியும்? சொல்ல இருந்த மனுஷனும் போய்ட்டாரு.”

மாத்திரைக்கு ஒரு வழக்கம். பெட்டி மேல் பேர் அழகாக இருந்தால் உள்ளே இருக்கும் காகிதத்தை இரண்டு தடவை படிப்பாள். அந்த நாட்டு அரசாங்கத்தின் அறக்கட்டளைப் பதிவேட்டை இணையத்தில் தேடினாள். காப்பகம் இருந்தது, வருஷா வருஷம் கணக்கு காட்டியிருந்தது. ஏஜென்சி எங்கேயும் இல்லை. ஏஜென்சியை விட்டுவிட்டுக் காப்பகத்துக்கே நேராக எழுதினாள். மேற்பார்வை பார்க்கும் அம்மாளிடமிருந்து மூன்று நாளில் பதில் வந்தது. நாங்கள் யாரிடமும் கட்டணம் வாங்குவதில்லை. அறையும் சாப்பாடும் எங்களுடையது. டிக்கெட், விசா, காப்பீடு உங்களுடையது. நாளுக்கு ஐந்து மணி நேரம், வாரத்துக்கு ஐந்து நாள், அதற்கு மேல் வாங்க எங்களுக்கும் அனுமதி இல்லை. எங்கள் கடிதத்தோடு தன்னார்வலர் விசா எடுக்க வேண்டும், எட்டு வாரமாவது ஆகும். சுற்றுலா விசாவில் வரக்கூடாது. சம்பளம் இல்லாவிட்டாலும், சோறும் அறையும் வாங்கிக்கொண்டு செய்வது இங்கே வேலைதான்.

போன வருஷம் போய்வந்த ஒருத்தியின் நம்பரும் கேட்டு வாங்கினாள். அவள் தையல் டீச்சர்.

“நிஜத்துல எவ்வளவு வேலைம்மா?”

“காலைல ஏழு மணிக்குக் கொட்டகை. லத்தி அள்ளணும், வைக்கோல் மாத்தணும், தண்ணித் தொட்டி தேய்க்கணும். பன்னெண்டுக்கு முடிஞ்சிரும். இடுப்பு மட்டும் ராத்திரி வரைக்கும் முடியாது.”

“மேஜைல ஆறு பேர் இருக்கிற படம் பார்த்தேன்.”

“அது வெயில் காலத்துல எடுத்தது. நீங்க போறது மழை மாசமா? ரெண்டு பேர் இருந்தா அதிகம்.”

ரெண்டு பேர் போதும் என்று மாத்திரை நினைத்தாள். அந்த ரெண்டு பேர் யார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அன்றைக்கு நாலு மணிக்கு விசா விஷயத்தைச் சொன்னாள்.

“ஏஜென்சிக்காரன் டூரிஸ்ட் விசா போதும்னானே” என்றாள் அக்கா. “எனக்கு விசாவும் வந்துருச்சு. டிக்கெட்டும் எடுத்தாச்சு, திருப்பிக் குடுக்க முடியாத டிக்கெட்.”

“டிக்கெட் போனாப் போகட்டும்க்கா. ரெண்டு பேரும் சேர்ந்து சரியான விசா போடுவோம்.”

“எட்டு வாரம் உக்காந்திருந்து, அப்புறம் மூணு மாசம் முடிச்சு வர்றதுக்குள்ள என் பொண்ணுக்குப் பிரசவம் ஆயிரும். குழந்தை வந்துட்டா அப்புறம் நான் எங்க கிளம்புறது? இப்ப விட்டா எப்பவுமே இல்ல.”

“எதுக்கு வந்தீங்கன்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“சுத்திப் பாக்கன்னு சொல்லச் சொல்றான். கழுதையைத்தானே சுத்திப் பாக்கப் போறேன், அதுல என்ன பொய்?”

“தப்புக்கா. போகாதீங்க.”

“நீ கவுண்டர்ல நின்னவ. சீட்டு இல்லைன்னா இருமல் மருந்துகூடக் குடுக்க மாட்ட. நான் முன்னாடி போறேன், நீ சரியா வா. கடைசி ஒரு மாசமாவது ஒண்ணா இருக்கலாம். சரி, அந்தப் பேப்பரையெல்லாம் நீயே பிரிண்ட் எடுத்து அனுப்பு. முப்பது வருஷம் கம்ப்யூட்டர்ல உக்காந்தேன், பிரிண்டர் மட்டும் எனக்கு அடங்கவே இல்ல.”

மாத்திரை பிரிண்ட் எடுத்தாள். நீல ஃபைல், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு உறை. காப்பீடு, டிக்கெட், அவசர நம்பர்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஏஜென்சி தந்த உறுதிக் கடிதம்: தன்னார்வலர், தினம் ஐந்து மணி நேரம், கொட்டகை சுத்தம். மருந்துப் பை கட்டும்போது டாக்டர் சீட்டு மேலே இருக்க வேண்டும். யார் கை நீட்டினாலும் முதலில் அதுதான் கண்ணில் படவேண்டும். அவள் கை அப்படித்தான் பழகியிருந்தது. கூரியரில் போட்டுவிட்டு, “எல்லாம் கையிலயே வச்சுக்கோங்க, பெட்டில போடாதீங்க” என்றும் சொன்னாள்.

அக்கா கிளம்பிய மூன்றாம் நாள் அவளுடைய மகளிடமிருந்து செய்தி வந்தது. அம்மாவைத் திருப்பி அனுப்பிட்டாங்க. வீட்டுக்கு வந்துட்டாங்க. இப்போ யார்கிட்டயும் பேசலை.

ஐந்து நாள் கழித்து அக்காவே கூப்பிட்டாள். நாலு மணி இல்லை, காலை பதினொன்று.

“அங்க ஏர்போர்ட்ல ஆபீசர் எங்க தங்கப் போறீங்கன்னு கேட்டான். விலாசம் ஞாபகம் வரல. ஃபைலைக் குடுத்தேன்.”

மாத்திரை நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“பெட்டியத் திறந்து ரப்பர் பூட்ஸை வெளிய எடுத்து வச்சான். சுத்திப் பாக்குறதுக்கு இதெதுக்குன்னான். பதினாலு மணி நேரம் ஒரு ரூம்ல. தண்ணி குடுத்தாங்க, மரியாதையாத்தான் பேசினாங்க. அதான் தாங்கல. என் வாழ்க்கைல ஒரு பைசா தப்பா எடுத்ததில்ல, எனக்குப் பக்கத்துல ஒரு போலீஸ்காரி.”

“அக்கா…”

“இனிமே எந்த நாட்டு விசாவுக்கும் இதைச் சொல்லித்தான் ஆகணுமாம். ஏஜென்சிக்காரன் போனை எடுக்கல, விடு. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். தெரிஞ்சுதான் அந்த ஏஜென்சி லெட்டரை மேல வச்சியா?”

“பழக்கம்க்கா.”

“போகாதீங்கன்னு சொன்னே. நான் கேக்கல. அந்தக் கோவமா?”

“சத்தியமா பழக்கம்க்கா.”

“ம்” என்றாள் அக்கா. அதோடு போன் நின்றது. அப்புறம் நாலு மணிகள் வந்துகொண்டிருந்தன, போன் வரவில்லை.

எட்டு வாரம் என்றது ஒன்பதானது. விசா வந்தது. தம்பி ரயிலேற்ற வந்து, “கழுதைங்களைக் கேட்டதாச் சொல்லு” என்றான். அவள் போனாள்.

காப்பகத்தில் எல்லாம் கடிதத்தில் சொன்னபடியே இருந்தது. பதினெட்டுக் கழுதைகள். மழை. பெரிய கூடம், அந்த நீள மேஜை, ஆறு நாற்காலி. முன்பு வந்தவர்கள் போன வாரம்தான் கிளம்பியிருந்தார்கள். வேலைக்கு அவள் ஒருத்தி. மேற்பார்வை அம்மாள் பக்கத்து வீட்டில் கணவனோடு குடியிருந்தாள். இருவருக்கும் பொதுவாக இருந்த அரைகுறை ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள்.

“ரெண்டு பேர் வேலை இது” என்றாள் அந்த அம்மாள், நாலாம் நாள். “மத்தியானமும் கொஞ்சம் கை கொடுப்பியா? கட்டாயம் இல்ல.”

“வாரத்துக்கு இருபத்தஞ்சு மணி. அதுக்கு மேல விசா விடாது. நீங்கதான் எழுதினீங்க.”

“எழுதினேன்” என்று அவள் ஒப்புக்கொண்டாள். “நீ சொல்றது சரி. மீதியை நானும் வீட்டுக்காரரும் பார்த்துக்கிறோம்.”

அப்படி ஜெயித்ததில் மாத்திரைக்குக் கிடைத்தது தினமும் ஒரு முழு மத்தியானம். துணி துவைப்பாள். வேலியோரம் போய் நிற்பாள். அந்த அம்மாளும் கணவனும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டே வைக்கோல் தள்ளுவது கேட்கும். ஒரு கை கொடுத்தால் அந்தச் சிரிப்புக்குப் பக்கத்தில் நிற்கலாம். கைகள் கோட்டுப் பைக்குள்ளேயே இருக்கும். ஒரு கிழட்டுக் கழுதை வந்து அவள் முழங்கையை மோந்து பார்த்துவிட்டு, தின்ன ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் போய்விடும்.

“நீயும் கணக்குப் பாக்குற ஜாதிதானா” என்றாள் அதனிடம். நாளெல்லாம் அவள் பேசிய தமிழ் அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம், அறையில் உட்கார்ந்திருந்தபோது போன் அடித்தது. ஊரில் அப்போது நாலு மணி.

“நீ போய்ட்டேன்னு உன் தம்பி சொன்னார்” என்றாள் அக்கா.

“நீங்க தம்பிக்குப் போன் பண்ணீங்களா?”

“உனக்குப் பண்ண மனசு வரல. ஃபைல்ல அவர் நம்பர் இருந்துச்சு. எப்படி இருக்கு?”

“மழை. இடுப்பு வலி. சோறு பரவால்ல.”

“எத்தனை பேர் இருக்கீங்க?”

“நான்.”

அந்தப் பக்கம் ஏதோ பாத்திரம் வைக்கும் சத்தம்.

“உன்னை என்ன கேட்டாங்க? அங்க இறங்கினதும்.”

நிறையக் கேட்டார்கள் என்று சொல்லலாம். பூட்ஸை வெளியே எடுத்து வைத்தார்கள் என்று சொல்லலாம். அக்கா கொஞ்சம் சிரிக்கவும் கூடும்.

“ஒண்ணும் கேக்கலக்கா. விசாவைப் பார்த்தாங்க, முத்திரை குத்தினாங்க. ரெண்டு நிமிஷம்.”

“ரெண்டு நிமிஷம்.”

“ஆமா.”

“ஃபைல்?”

“திறக்கவே இல்ல.”

அக்கா வைத்துவிட்டாளோ என்று மாத்திரை போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.

“அந்த ஜன்னல்ல என்ன தெரியுது?” என்றாள் அக்கா.

“வேலி. நாலு கழுதை. ஒண்ணு எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்குது.”

“கட்டில்?”

“காலியாத்தான் இருக்கு.”

“அது மேல எதையாவது போட்டு வை. துணி, பெட்டி, எதையாவது. நான் வரப்போறேன்னு பாத்துக்கிட்டு இருக்காத.”

“சரிக்கா. நாளைக்குக் கூப்பிடறீங்களா?”

“நாளைக்குப் பொண்ணை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்.”

“நாளன்னைக்கு?”

“பாப்போம்” என்றாள் அக்கா. “நான் கேட்ட அந்தக் கேள்விக்கு நீ சொன்ன பதில் நிஜமாத்தான் இருக்கும். எனக்குத்தான் இன்னும் கொஞ்ச நாள் ஆகும்.”

போனை வைத்தபின் மாத்திரை பெட்டியைத் தூக்கி ஜன்னல் பக்கக் கட்டில் மேல் வைத்தாள். சற்று நின்று பார்த்தாள். திரும்பவும் எடுத்துக் கீழே வைத்துவிட்டு, பூட்ஸைக் கழுவ வெளியே போனாள்.