எடுக்காமல் விட்ட படம்

சலூன்காரர் வலது கையை வயிற்றோடு ஒட்டிப் பிடித்தபடி உள்ளே வந்தார். பின்னாலேயே அவர் மனைவி, ஒரு கையில் எக்ஸ்ரே உறை, மறு கையில் போன். கடை ஆறு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. கை சரியாகும் என்று நான் சொன்னால் கடை இவருக்கே. இல்லையென்றால் சாவி அவளுடைய தம்பிக்குப் போகும். அவன் அங்கே செல்போன் கடை வைக்கப்போகிறான்.

"என் மச்சானுக்கு என் கைமேல எவ்வளவு அக்கறை பாருங்க டாக்டர். காலையிலேர்ந்து நாலு போன்" என்றார்.

"அவனும் எவ்வளவு நாள்தான் பொறுப்பான்? நீங்க வாய வச்சுக்கிட்டு சும்மா இருங்க" என்றாள் அவள்.

எலும்பு வைத்தியனான எனக்குப் படத்தைவிடக் கை முதலில் பேசும். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னேன். நேராகக்கூட வரவில்லை. இரண்டு கைகளையும் நீட்டி உள்ளங்கையை மேலே காட்டச் சொன்னேன். இடது கை காட்டியது. வலது கை பாதியில் நின்றது.

"விழுந்தது எப்படி?"

"கடையில ஃபேன் ஷாக் அடிச்சிச்சு. கை அப்படியே முறுக்கிக்கிச்சு. அப்புறம் ஸ்டூல்லேர்ந்து விழுந்தேன்."

முதலில் பார்த்த ஆஸ்பத்திரியின் சீட்டில் 'கீழே விழுந்தார்' என்று மட்டும்தான் இருந்தது. ஷாக்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. ஷாக்கடித்தால் தோளைச் சுற்றியுள்ள தசையெல்லாம் ஒன்றாக இறுகும். அதில் பலசாலித் தசைகள் கையை உட்பக்கம் திருகி, மேல்கை எலும்பின் பந்துபோன்ற தலையை மூட்டுக் கிண்ணத்திலிருந்து பின்னால் தள்ளிவிடும்.

ஆறு மாதத்துக்கு முந்தைய படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். முன்பக்கமிருந்து எடுத்த ஒரே படம். காலர் எலும்பு நட்டநடுவில் உடைந்து நின்றது. கண் தெரியாதவனுக்கும் தெரியும். அதுதான் வினை. ஒன்று கிடைத்துவிட்டால் தேடுவதை நிறுத்திவிடுகிறோம்.

"உடைஞ்சது சேர்ந்திடுச்சுனு சொன்னாங்களே" என்றாள் அவள்.

"சேர்ந்திடுச்சும்மா. நல்லாவே சேர்ந்திருக்கு. இங்க பாருங்க." படத்தில் அதற்குக் கீழே தோள்மூட்டைக் காட்டினேன். "மேல்கை எலும்போட தலை சாதாரணமா ஒரு பக்கம் சாய்ஞ்சு, கைத்தடியோட பிடி மாதிரி தெரியும். இது பல்பு மாதிரி உருண்டையா இருக்கு. உள்பக்கம் திரும்பிட்டா அப்படித்தான் தெரியும். அப்புறம், பந்தோட ஓரம் கிண்ணத்து மேல கொஞ்சம் படிஞ்சிருக்கணும். இங்க இடைவெளி இருக்கு. மூட்டு பின்னால கழண்டிருக்கு."

"மூட்டு கழண்டா தோள் தொங்கிடுமே டாக்டர்?" என்றார்.

"முன்னால கழண்டா பந்து கீழ இறங்கிடும், யாரும் ஏமாற மாட்டாங்க. பின்னால போனா அதே உயரத்துலதான் நிக்கும். முன்பக்கப் படம் ஏமாத்திடும். பக்கவாட்டுப் படமும் வேணும்."

காலையில் எடுத்த பக்கவாட்டுப் படத்தை மாட்டினேன். தோள்பட்டை எலும்பு மூன்று கிளையாகப் பிரிந்து தெரிந்தது. மூன்றும் சேரும் இடத்தில் பந்து உட்கார்ந்திருக்க வேண்டும். அது பின்னால் தள்ளி நின்றது.

"அன்னைக்கே இன்னொரு படம் எடுக்கக் கூப்பிட்டாங்க" என்றார் அவர் மெதுவாக. "கையத் தூக்கச் சொன்னாங்க. நான் கத்தின கத்துல, எக்ஸ்ரே எடுக்கிறவர் பாவம் பார்த்து விட்டுட்டார். அதான் உடைஞ்சது தெரிஞ்சிடுச்சே, எதுக்கு வலினு சொன்னார். நல்ல மனுஷன்."

கையைத் தூக்காமலே, உடம்பைச் சற்றுத் திருப்பி நிறுத்தி எடுத்திருக்கலாம். இன்று காலையில் அப்படித்தான் எடுத்தோம். அதை நான் சொல்லவில்லை. அந்த நல்ல மனுஷன்மேல் எனக்கு வந்த கோபத்தை எங்கே கொட்டுவது என்றும் தெரியவில்லை.

"இப்ப இழுத்து உள்ள போட்டுடலாம்ல?" மனைவி கேட்டாள்.

"அன்னைக்கு முடிஞ்சிருக்கும். மயக்கம் குடுத்து அப்பவே போட்டிருக்கலாம். இப்ப பந்து கிண்ணத்தோட விளிம்புல முட்டி முட்டிப் பள்ளமாயிடுச்சு. காலையில எடுத்த ஸ்கேன்ல பாதிப் பந்து போயிருக்கு. செயற்கை மூட்டு வைக்கலாம். வலி குறையும். ஆனா நாள் முழுக்கக் கையத் தூக்கி வேலை செய்யற தோளா வரும்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன்."

அவள் விடவில்லை. "முடி வெட்ட வேணாம். தாடி மட்டும் எடுங்களேன். அதுக்குக் கையத் தூக்க வேணாமே."

அவர் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துத் தன் தாடைக்கு நேராகக் கொண்டுவந்தார். கன்னத்தில் சவரம் செய்வதுபோல் கையை வெளிப்பக்கம் திருப்பப் பார்த்தார். திரும்பவில்லை. கத்தி இருந்திருந்தால் அதன் முனை கழுத்தில் நின்றிருக்கும். அவளும் அதைப் பார்த்தாள்.

போன் மணி அடித்தது. அவள் எடுக்காமல் கணவனைப் பார்த்தாள்.

"எடு" என்றார் அவர். "செவுத்துக் கண்ணாடி ரெண்டையும் கழட்டிடாதனு சொல்லு. அவன் கடைக்கும் ஆவும்."