விரலில் விழுந்த திகதி

என் மனைவி சின்னத்தங்கத்தின் முப்பத்தோராம் நாள் நினைவுச் சடங்குக்குப் பெரிய படம் ஒன்று வேண்டியிருந்தது. மகள் தக்ஷாயினி ஒன்றைத் தெரிந்தெடுத்து வைத்திருந்தாள். என் தம்பி வெளிநாட்டிலிருந்து கமரா கொண்டுவந்த வருசம் ஆரையம்பதி வீட்டு முற்றத்தில் எடுத்தது. சின்னத்தங்கம் கதிரையில் இருந்து சிரிக்கிறாள். இடது கை கதிரைக் கைப்பிடியில் கிடக்கிறது. அந்தக் கையின் மேலேயே, படத்தின் கீழ் மூலையில், செம்மஞ்சள் நிறத்தில் திகதி விழுந்திருக்கிறது.

செத்தவளின் படத்துக்குப் பிறந்த திகதியும் இறந்த திகதியும் போதும். இது எதற்கு?

படம் கழுவிய ஸ்டூடியோக்காரன்தான் அதை அடித்தான் என்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அவனுடைய வேலை பிலிமில் இருக்காது அல்லவா? அலுமாரியைக் கிளறிப் பிலிமை எடுத்துக்கொண்டு மகளோடு மட்டக்களப்புக்குப் போனேன். ஸ்டூடியோ வைத்திருக்கும் றிஸ்லான் அதை ஸ்கேன் பண்ணும்வரை நான் கதிரையில் உட்காரவில்லை. அவன் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிலிமை மாற்றிவிட்டால் யாரிடம் கேட்பது?

திரையில் படம் வந்தது. திகதியும் வந்தது.

"என்னகா இது? பிலிமிலயும் கிடக்கு!"

"கமராவுக்குள்ள, பிலிமுக்குப் பின்னால சின்ன வெளிச்சம் ஒண்டு இருக்கும் ஐயா. படம் எடுக்கக்குள்ள அதுதான் இலக்கத்தப் பதிக்கிற. முகத்த மட்டும் வெட்டி எடுப்பமா? இலக்கமும் போயிரும்."

"அடையாள அட்டைக்கா படம் கேட்டன்? முழுசா வேணும்."

"அப்பா, சும்மா இரிங்க. அவர் செய்யட்டும்," என்றாள் தக்ஷாயினி.

றிஸ்லான் இலக்கங்களைச் சுற்றிக் கோடு போட்டு ஒரு பொத்தானை அமத்தினான். திகதி இல்லை. கை சுத்தமாக இருந்தது.

"ஐயோ, எவ்வளவு வடிவு!" என்றாள் மகள்.

நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரைக்குக் கிட்டப் போனேன்.

"இது ஆர்ர கை?"

"அம்மாட கைதானே அப்பா."

"கொம்மாவுக்கு மோதிர விரல் பாதிதான். தண்ணி இறைக்கிற மிசின்ர வார் இழுத்துக்கொண்டு போன. இதில முழுசாக் கிடக்கு. நகத்தோட."

றிஸ்லான் தலையைச் சொறிந்தான். "எனக்குத் தெரியாதே ஐயா. கொம்பியூட்டருக்கும் தெரியாது. பக்கத்து விரலப் பாத்து ஒண்டு செஞ்சி வெச்சிரிக்கி."

"செய்யச் சொல்லி ஆர் கேட்ட? உங்கட கொம்பியூட்டர் என்ன, வைரவர் கோயில் பூசாரியா, இல்லாத விரல வரவைக்க?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருசம் அந்தப் பாதி விரலோடு எனக்குச் சோறு சமைத்தவள். அந்நிய விரல் ஒன்றோடு அவளைச் சுவரில் மாட்டி நான் என்னத்தைக் கும்பிடுவது?

"கோவிக்காதீங்க ஐயா. வேற வழி பாப்பம்." நிரப்பியதை எடுத்துவிட்டு எதையோ மாற்றினான். படம் கறுப்பு வெள்ளையாக, மணல் தூவியதுபோல வந்தது. "கலர்ப் படத்தில சிவப்பு, பச்சை, நீலம் எண்டு மூணு இரிக்கி. இலக்கம் சிவப்புச் சாதி. அது சிவப்பிலதான் கூட விழுந்திரிக்கி. நீலத்த மட்டும் பாத்தா இலக்கம் இல்லாத மாதிரித்தான். இஞ்ச பாருங்க."

பார்த்தேன். மங்கலாக இருந்தாலும் கிடந்தது. பாதி விரல். நுனியில் அந்தத் தையல் முடிச்சு.

"இதப் பாத்துப் பாத்து விரல உள்ளபடி கீறி நிறம் வெக்கலாம். கொஞ்சம் நேரம் எடுக்கும்," என்றான்.

"கீறு."

"வேணாம்," என்றாள் தக்ஷாயினி.

திரும்பிப் பார்த்தேன். அவள் கண் கலங்கியிருந்தது.

"அப்பா, அம்மா ஒரு நாளாவது அந்த விரலக் காட்டினவவா? ஆராவது வந்தா சீலத் தலைப்பால மூடுவா. சித்தப்பா அண்டைக்குத் திடீரெண்டு எடுத்தபடியாத்தான் மூடாம இருந்த. படம் கழுவி வந்தோடன என்ன சொன்னவ எண்டு தெரியுமா? 'நல்ல காலம், இலக்கம் விழுந்து மறைச்சிட்டு' எண்டவ. நீங்க அப்ப வயல் வட்டையில காவலுக்குப் போயிருந்த."

எனக்கு அது தெரியாது. ஒருவரும் சொல்லவில்லை. முழு விரலை மகள் ஏன் விரும்பினாள் என்பது அப்போதுதான் விளங்கியது.

வெளியே போய்த் தெருவைப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே வந்தேன். பொய் விரலை மாட்ட நான் விடமாட்டேன். மெய் விரலைக் காட்ட மகள் விடமாட்டாள்.

"தம்பி, அந்த இலக்கத்தத் திரும்பப் போடு."

"என்ன ஐயா? அத எடுக்கத்தானே வந்த நீங்க!"

"வந்ததுதான். போடு. அவள் மறைச்சத அதுவே மறைக்கட்டும்."

முப்பத்தோராம் நாள் படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் அந்தத் திகதியைத்தான் கேட்டார்கள். ஸ்டூடியோக்காரனுக்கு எடுக்கத் தெரியாதா என்றார்கள். தெரியாது என்றே சொன்னேன். ஸ்டூடியோவை விட்டு வரமுதல், அந்த முழு விரல் படம் கொம்பியூட்டரில் கிடந்தால் என் முன்னாலேயே அழிக்கச் சொல்லியிருந்தேன்; அழித்ததாகத்தான் சொன்னான். அவன் அழித்தானோ இல்லையோ, ஆருக்குத் தெரியும்.